பெட்டிக்குள் தொலையும் காற்று

மாதவரம் ரவுண்டானாவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எழுப்பும் புழுதியும், கிழக்கே மணலியின் ஆலைகளிலிருந்து வரும் புகையும் ஒரே காற்றில்தான் கலக்கின்றன. அந்தக் காற்றின் தரத்தை மணலியில் உள்ள தானியங்கி நிலையம் இரவு பகலாக அளக்கிறது. அளவு எண்ணாகத்தான் பதிவாகிறது. மக்களிடம் போய்ச் சேரும்போது மட்டும் அது 'திருப்திகரம்', 'மிதமானது', 'மோசம்' என்று ஒற்றைச் சொல்லாகிவிடுகிறது.

இந்தியாவின் காற்றுத் தரக் குறியீடு 2014இல் அறிவிக்கப்பட்டது. மொத்தம் ஆறு வகைகள். பிஎம் 10 எனப்படும் துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 51 முதல் 100 மைக்ரோகிராம் வரை இருந்தால் 'திருப்திகரம்'. 101 முதல் 250 வரை 'மிதமானது'. காலையில் நடக்கப் போகலாமா என்று யோசிக்கும் ஒரு பெரியவருக்கு இந்தச் சொல் போதும். அதற்காகத்தான் அது உருவாக்கப்பட்டது.

காற்று மாசு உயிரிழப்பை எவ்வளவு கூட்டுகிறது என்று கணக்கிடும் ஆய்வில் எண்ணை விட்டுவிட்டு இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, 2002 முதல் 2004 வரை சென்னையில் நாள்தோறும் பதிவான இறப்புகளையும் பிஎம் 10 அளவுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. முடிவுகள் 2011இல் வெளியாயின. துகள் அளவு 10 மைக்ரோகிராம் கூடும்போது அன்றாட இறப்பு சுமார் 0.44 சதவீதம் கூடுகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. சிறிய எண்தான். ஆனால் லட்சக்கணக்கானோர் சுவாசிக்கும் காற்றில் அது சிறிய விஷயமல்ல. இவ்வளவு மெல்லிய தொடர்பைப் பிடிக்க, தரவில் இருக்கும் ஒவ்வொரு துளித் தகவலும் வேண்டும்.

அதே கணக்கை வகைகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஒருநாள் அளவு 110, இன்னொரு நாள் 240. இரண்டும் 'மிதமானது'. இடையே 130 மைக்ரோகிராம் வித்தியாசம் இருக்கிறது. சென்னை ஆய்வின் விகிதப்படி இறப்பில் ஏறக்குறைய 6 சதவீத வேறுபாடு. வகையை மட்டும் பார்க்கும் கணிப்பு மாதிரிக்கு இரண்டு நாளும் ஒன்றே. அந்த 6 சதவீதம் அதன் கண்ணில் படுவதே இல்லை.

எல்லைக்கோட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஒரு பேச்சுக்கு, 'திருப்திகரம்' நாட்களின் சராசரி 75, 'மிதமானது' நாட்களின் சராசரி 130 என்று கொள்வோம். மாதிரி ஒவ்வொரு வகைக்கும் அதன் சராசரிக்குரிய ஒரே விளைவைத்தான் தரும். ஆகவே அளவு 100இலிருந்து 101 ஆனதும் இறப்பு திடீரென 2.4 சதவீதம் எகிறுகிறது என்று அது சொல்லும். சென்னை ஆய்வின் விகிதப்படி அந்த ஒரு மைக்ரோகிராமின் பங்கு சுமார் 0.04 சதவீதம்தான். நுரையீரலுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட கோடு தெரியாது.

இழப்பு எவ்வளவு என்பதையும் அளக்கலாம். மணி வடிவில் பரவியிருக்கும் ஓர் அளவை நடுவில் வெட்டி 'அதிகம்', 'குறைவு' என இரண்டாக்கினால், மெல்லிய நேர்கோட்டுத் தொடர்பைக் கண்டறியும் திறனில் சுமார் 64 சதவீதமே மிஞ்சும். 365 நாள் அளந்துவிட்டு சுமார் 130 நாள் பதிவுகளைக் கிழித்துப் போட்டதற்குச் சமம் அது. வகைகளைக் கூட்டினால் இழப்பு குறையும். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி விளைவை மதிப்பிட வேண்டியிருப்பதால், நாட்கள் குறைவாக உள்ள வகைகளில் முடிவு தள்ளாடும்.

இதைவிட ஆபத்தானது வெப்பநிலையை வெட்டுவது. வெயிலும் உயிரைப் பறிக்கும். அதன் பங்கைக் கழித்தால்தான் மாசின் பங்கு தெரியும். வெப்பத்தை 'சூடான நாள்', 'மற்ற நாள்' என்று இரண்டே வகையாக்கினால், 36 டிகிரி நாளும் 42 டிகிரி நாளும் ஒன்றாகிவிடும். அந்த வகைக்குள் வெயிலால் கூடிய இறப்பு கழிபடாமல் நின்று, துகளின் கணக்கில் ஏறலாம். இல்லையென்றால் துகளின் விளைவை மறைக்கலாம். இந்த இடத்தில் தகவல் தொலைவது மட்டுமல்ல, பழியே இடம் மாறிவிடுகிறது.

'உறவு நேர்கோடாக இருக்காதே, அதனால்தான் வகை பிரிக்கிறோம்' என்பார்கள். கவலை நியாயமானதே. அதற்குத்தான் ஸ்ப்ளைன் என்ற வளைகோட்டு முறை இருக்கிறது. தரவு வளையும் இடத்தில் கோடும் வளையும். எங்கும் படிக்கட்டு இருக்காது. வெப்பநிலை, பருவகாலம் போன்றவற்றை இத்தகைய ஆய்வுகளில் இப்படித்தான் கையாள்கிறார்கள்.

ஏற்கெனவே வகை பிரித்துச் செய்த கணிப்பைச் சோதிக்கவும் வழி உண்டு. மூல எண்கள் கையில் இருந்தால், உண்மையான இறப்புக்கும் கணித்த இறப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத் துகள் அளவுக்கு எதிரே வரைய வேண்டும். ஒவ்வொரு வகைக்குள்ளும் இடப்பக்கம் தாழ்ந்து வலப்பக்கம் உயர்ந்து, எல்லை தாண்டியதும் மறுபடி சரிந்து, ரம்பப் பல்போலத் தெரிந்தால் வெட்டியதன் விளைவு அது. மூல எண்ணைச் சேமிக்காமல் 'மிதமானது' என்று மட்டும் எழுதிவைத்த பதிவேட்டில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. 110ஆ, 240ஆ என்பதை அதிலிருந்து யாராலும் மீட்க இயலாது.