கடை அறிவிப்பைத் தமிழில் ஒலிக்கச் செய்தல்: எண்களும் சுருக்கக் குறிகளும்

ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ஒலிபெருக்கியை இணைத்து, இ-ஸ்பீக் என்ஜி என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பை நிறுவினால், இணையத் தொடர்பின்றியே தமிழ்ப் பனுவலை ஒலிக்கச் செய்யலாம். ஆயினும் கடை அறிவிப்பை அப்படியே கொடுத்தால், பார்வையற்ற வாடிக்கையாளர் விலையைத் தவறாகக் கேட்க நேரும். அறிவிப்பு கண்ணுக்காக எழுதப்படுவதே இதற்குக் காரணம். எனவே ஒலிப்புக்கு முன் பனுவலைப் பேச்சு வடிவுக்கு மாற்றும் முறையை ஓர் எடுத்துக்காட்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

"அரிசி 5 கி.கி. ரூ.320/-. கடை நேரம் காலை 9.30 - பிற்பகல் 1.30" என்பது அறிவிப்பு. எழுத்தில் எண்ணுக்கு முன்வரும் 'ரூ.' பேச்சில் பின்வரும். 'கி.கி.' என்பதிலுள்ள புள்ளிகள் தொடரின் முடிவாகக் கொள்ளப்படலாம். இவ்விரண்டையும் பின்வரும் விதிகள் சீராக்குகின்றன:

```python
import re
t = re.sub(r'கி\.கி\.', 'கிலோ,', t)
t = re.sub(r'ரூ\.?\s*(\d+)/-', r'\1 ரூபாய்', t)
```

முதல் விதியிலுள்ள காற்புள்ளி இன்றியமையாதது. அந்த இடைநிறுத்தம் இல்லையெனில் "ஐந்து கிலோ முந்நூற்று இருபது" என்பது எடையாகவே செவியில் விழும்.

அடுத்து எண்களைச் சொற்களாக்க வேண்டும். முந்நூறு என்பது இருபதுடன் சேரும்போது 'முந்நூற்று' எனத் திரிகிறது. தொல்காப்பியக் குற்றியலுகரப் புணரியல் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியை விரிவாகக் கூறுவதை இங்கு நினைவுகூரலாம். ஆகவே சொற்பட்டியலில் தனிவடிவம், புணர்ச்சி வடிவம் ஆகிய இரண்டும் இடம்பெற வேண்டும்.

மிகுந்த கவனம் வேண்டுவது எண்களிடையே வரும் புள்ளியே. 'காலை 9.30' என்பது ஒன்பதரை மணி, 'ரூ.9.30' என்பது ஒன்பது ரூபாய் முப்பது காசு, '9.5 கி.கி.' என்பது ஒன்பதரை கிலோ. பொருளை அருகிலுள்ள சொல்லே முடிவுசெய்கிறது. ஆதலால் காசுடன் கூடிய விலை, நேரம், எடை ஆகியவற்றுக்கான விதிகளை மேற்கண்ட பொது விதிகளுக்கு முன்னரே இயக்க வேண்டும். நேரங்களுக்கு இடையிலுள்ள சிறுகோடு 'முதல்', 'வரை' என விரியும்.

இறுதியில் கிடைப்பது: "அரிசி ஐந்து கிலோ, முந்நூற்று இருபது ரூபாய். கடை நேரம் காலை ஒன்பதரை மணி முதல் பிற்பகல் ஒன்றரை மணி வரை." இதைக் கோப்பாகச் சேமித்து ஒலிக்கலாம்:

```
espeak-ng -v ta -s 130 -f arivippu.txt
```

இயல்பு வேகம் நிமிடத்திற்கு 175 சொற்கள். சந்தடியுள்ள கடைக்கு 130 ஏற்றதாகும். `-q -x` சேர்த்தால் குரலின்றி ஒலியன் குறியீடுகள் மட்டும் திரையில் தோன்றும். பிழை பனுவலிலா, ஒலிப்பிலா என்பதை அதைக்கொண்டு பிரித்தறியலாம்.

அருகில் சொல்லேதுமின்றி '12.50' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், அது விலையா நேரமா என எந்த விதியாலும் கூற இயலாது. மாற்றத்திற்குப் பின்னும் பனுவலில் இலக்கம் எஞ்சினால், நிரல் அதனை ஊகித்து ஒலிக்காமல் கடைக்காரரிடமே திருப்பித் தருவது முறையாகும்.