பணி ஒப்படைப்பு மின்னஞ்சல்

மும்பையில் மாட்டுங்கா என்னும் பகுதியில் தமிழர் பலர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அங்குக் காப்பிப் பொடிக் கடை நடத்தும் முதியவர் ஒருவர், தம் கடைக்கு ஒரு வலைத்தளம் வேண்டும் என்று விரும்பினார். தமிழ்ப் பெண் ஒருவர் அதனை வடிவமைத்துத் தர இசைந்தார். ஊதியம் 40,000 ரூபாய். அதில் 28,000 ரூபாயை முன்னரும், எஞ்சிய 12,000 ரூபாயைப் பணியை ஏற்றுக்கொண்ட பின்னரும் தருவது என்று இருவரும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இது கற்பனை நிகழ்ச்சியே; எனினும் இத்தகையவை நாள்தோறும் நடப்பவை.

2025 ஆகஸ்ட் 4 அன்று வேலை முடிந்தது. வடிவமைப்பாளர் பின்வருமாறு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்:

"வணக்கம் ஐயா. வலைத்தள வேலை முடிந்துவிட்டது. பார்த்துக்கொள்ளவும். ஏதேனும் இருந்தால் சொல்லவும். நன்றி."

இம்மடலில் பணிவு உண்டு. பிழையான சொல் ஒன்றும் இல்லை. கடைக்காரரும் வலைத்தளத்தைப் பார்த்து மகிழ்ந்தார். ஆனால் அவர் மறுமொழி எழுதவில்லை. எழுத வேண்டும் என்று மடல் கேட்கவும் இல்லை. எனவே 12,000 ரூபாய் வரவில்லை. அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அவர் தொலைபேசியில் அழைத்து, "தீபாவளி வருகிறதம்மா. பரிசுப் பெட்டிகளுக்குத் தனிப் பக்கம் ஒன்று சேர்த்துவிடு," என்றார். அது புதிய வேலை என்பது வடிவமைப்பாளரின் எண்ணம். "ஏதேனும் இருந்தால் சொல்லவும் என்று நீதானே எழுதினாய்?" என்பது கடைக்காரரின் கேள்வி. இருவருள் எவரும் ஏமாற்ற நினைக்கவில்லை. மடல் சொல்லாமல் விட்டவற்றை ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு நிரப்பிக்கொண்டனர்.

ஒப்படைப்பு மடல் மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டும். எவையெவை ஒப்படைக்கப்படுகின்றன? ஒப்புதலை எவ்வாறு, எந்நாளுக்குள் தர வேண்டும்? அதன் பின் எவ்வகை உதவி, எந்நாள் வரை கிடைக்கும்? இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. ஒப்படைக்கும் பொருள்கள்

"வலைத்தளம்" என்று ஒரு சொல்லில் எழுதுவது போதாது. கடைக்காரர் கையில் இருக்க வேண்டியவை பல: வலைத்தளத்தின் பக்கங்கள், அதனைத் திருத்துவதற்கான நுழைவுக் கணக்கு, படங்களின் மூலக் கோப்புகள், வலைத்தள முகவரியின் பதிவு ஆகியவை. இவற்றுள் பெரிதும் மறக்கப்படுவது முகவரிப் பதிவே. அதனைக் குறித்த காலத்திற்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். பதிவு வடிவமைப்பாளரின் மின்னஞ்சலில் இருந்தால், நினைவூட்டல் அவருக்கே செல்லும். கடைக்காரர் அறியாமலேயே ஒருநாள் வலைத்தளம் மறைந்துவிடக்கூடும். ஆகவே பதிவு யார் பெயரில் உள்ளது, எந்நாளில் புதுப்பிக்க வேண்டும் என்பவற்றை எழுதுதல் வேண்டும்.

பணியில் அடங்காதவற்றையும் ஒரு வரியில் குறிப்பிடுக. கடவுச்சொல்லை மட்டும் மடலில் எழுதலாகாது. மடலைப் பிறருக்கு அனுப்பும்போது கடவுச்சொல்லும் உடன் சென்றுவிடும். அதனைத் தொலைபேசியில் தனியே கூறி, முதல் நுழைவிலேயே மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

2. ஒப்புதல்

"பார்த்துக்கொள்ளவும்" என்றால் எதைப் பார்ப்பது? சோதித்துப் பார்க்க வேண்டியவற்றை எண்ணிட்டுக் கூறுக. "ஒரு வாரத்திற்குள்" என்று எழுதினால் அவ்வாரம் எந்நாளில் தொடங்குகிறது என்ற ஐயம் எழும். நாளையும் நேரத்தையும் குறிப்பிடுக. மறுமொழியாக எழுத வேண்டிய சொற்றொடரையும் நீங்களே தந்துவிட்டால், படிப்பவருக்கு வேலை எளிதாகும்.

"மறுமொழி வராவிடில் ஏற்றுக்கொண்டதாகக் கருதுவோம்" என்று சிலர் மடலில் எழுதிவிடுகின்றனர். முன்பே ஒப்பந்தத்தில் இருந்தாலன்றி, இதனை மடலில் புதிதாகச் சேர்த்தல் முறையன்று. மறுமொழி வராவிடில் தொலைபேசியில் நினைவூட்டி, எழுத்தில் ஒப்புதல் பெறுவதே நன்று.

3. பின்னுதவி

இங்கே குறை, புதிய வேலை என்னும் இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். ஒப்புக்கொண்ட ஒன்று சரியாக இயங்காவிடில் அது குறை. ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டால் அது புதிய வேலை. ஆர்டர் பொத்தானை அழுத்தியும் கடைக்குச் செய்தி வரவில்லை என்றால் அது குறை. பரிசுப் பெட்டிப் பக்கம் புதிய வேலை. விளக்கத்துடன் இத்தகைய எடுத்துக்காட்டு ஒன்றையும் தருவது படிப்பவருக்குத் தெளிவளிக்கும்.

இனி, ஆகஸ்ட் 4 அன்று எழுதியிருக்க வேண்டிய மடலைப் படியுங்கள்.

---

பொருள்: வலைத்தளப் பணி ஒப்படைப்பு – ஆகஸ்ட் 11, மாலை 6 மணிக்குள் தங்கள் ஒப்புதல் வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடையின் வலைத்தளப் பணி நிறைவுற்றது. இன்று (04.08.2025) அதனைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன்.

ஒப்படைப்பவை
1. ஐந்து பக்கங்கள் கொண்ட வலைத்தளம்.
2. விலையையும் படங்களையும் தாங்களே மாற்றுவதற்கான நுழைவுக் கணக்கு. கடவுச்சொல்லை இன்று மாலை தொலைபேசியில் கூறுவேன்.
3. படங்களின் மூலக் கோப்புகள். இவை பெரியவை, ஆதலால் பதிவிறக்க இணைப்பைக் கீழே தந்துள்ளேன்.
4. வலைத்தள முகவரி. இது தங்கள் பெயரிலும் தங்கள் மின்னஞ்சலிலும் பதிவாகியுள்ளது. புதுப்பிக்க வேண்டிய நாள்: 20.06.2026.

இணையவழிப் பணம் செலுத்தும் வசதி இப்பணியில் அடங்காது.

தாங்கள் செய்ய வேண்டியவை
1. கைப்பேசியில் ஐந்து பக்கங்களையும் திறந்து பார்க்கவும்.
2. விலைப்பட்டியலைச் சரிபார்க்கவும்.
3. ஒரு சோதனை ஆர்டர் அனுப்பி, அது கடை மின்னஞ்சலுக்கு வருகிறதா என்று காணவும்.

யாவும் சரியாக இருப்பின், 11.08.2025 திங்கள் மாலை 6 மணிக்குள் "பணியை ஏற்கிறேன்" என்று இம்மடலுக்கு மறுமொழி தருக. குறை இருப்பின், பக்கத்தின் பெயருடன் அனைத்தையும் ஒரே மடலில் எழுதுக. தங்கள் ஒப்புதல் கிடைத்தபின், ஒப்பந்தப்படி 12,000 ரூபாய்க்கான பட்டியலை அனுப்புவேன்.

பின்னுதவி
12.08.2025 முதல் 10.09.2025 வரை 30 நாள்களுக்குக் குறைகளைக் கட்டணமின்றிச் சரிசெய்வேன். அவற்றை இம்மின்னஞ்சலுக்கு எழுதினால் இரண்டு வேலை நாள்களுக்குள் மறுமொழி தருவேன். புதிய பக்கம் சேர்த்தல் போன்றவற்றிற்கு முதலில் செலவுக் கணக்கு அனுப்பி, தாங்கள் இசைந்த பின்னரே தொடங்குவேன்.

நன்றி.

இங்ஙனம்,
வலைத்தள வடிவமைப்பாளர்

---

இரண்டாம் மடல் நீளமானது. ஆயினும் கடைக்காரர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. பொருள் வரியைப் படித்த அளவிலேயே, தாம் செய்ய வேண்டியது என்ன, எந்நாளுக்குள் என்பவை அவருக்குத் தெரிந்துவிடும். தீபாவளிக்குப் பரிசுப் பெட்டிப் பக்கம் வேண்டுமானால், அவர் தயக்கமின்றிக் கேட்கலாம். வடிவமைப்பாளரும் தயக்கமின்றி அதற்கான செலவைக் கூறலாம்.

பயிற்சி

அ. ஒப்பந்தத்தில் உள்ள விலைப்பட்டியல் பக்கம் சில கைப்பேசிகளில் திறக்கவில்லை. இது குறையா, புதிய வேலையா? காரணம் எழுதுக.

ஆ. "கூடிய விரைவில் பார்த்துச் சொல்லவும்" என்னும் தொடரை, நாளும் நேரமும் செய்ய வேண்டிய செயலும் விளங்குமாறு மாற்றி எழுதுக.

இ. உங்கள் குழு பள்ளி ஆண்டு மலரை வடிவமைத்து முடித்துள்ளது. அதனைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கும் மின்னஞ்சலை மேற்கண்ட மூன்று பகுதிகளும் அமைய எழுதுக.