நான்காம் ஆண்டில் வரும் பில்

மூலிகைச் சாறுகளில் என்னென்ன வேதிப்பொருட்கள் இருக்கின்றன என்று ஆராயும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம். மூன்றாண்டுத் திட்டம் அனுமதியாகிறது. அதில் எச்.பி.எல்.சி. கருவி ஒன்று வாங்க 25 லட்சம் ரூபாய் கிடைக்கிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். டெண்டர் விட்டு, கருவி வந்து இறங்கிப் பொருத்தி முடிக்கவே பத்து மாதம் ஓடிவிடும். அன்றிலிருந்து மூன்று ஆண்டு வாரண்டி. அது முடியும் நாளில் திட்டம் மூடி, செலவுச் சான்றிதழும் கொடுத்துப் பத்து மாதம் ஆகியிருக்கும்.

கருவியை ஓட்டும் செலவு தினமும் வருவது. நிமிடத்துக்கு ஒரு மில்லி வீதம் கரைப்பான் ஓடினால், எட்டு மணி நேரத்துக்கு 480 மில்லி வேண்டும். அதில் பாதி அசிட்டோநைட்ரைல் என்றால் இரண்டரை லிட்டர் பாட்டில் பத்து நாளில் காலி. இந்தத் திரவத்தை யாரும் தனியாகத் தயாரிப்பதில்லை என்றே சொல்லலாம். அக்ரிலிக் இழைக்கும் பிளாஸ்டிக்குக்கும் வேண்டிய அக்ரிலோநைட்ரைலைத் தயாரிக்கும்போது உடன் கிடைப்பது இது. 2008-ல் பொருளாதார மந்தத்தால் அந்த ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தபோது, உலகெங்கும் ஆய்வகங்கள் இதற்காகத் தவித்தன. விலை பல மடங்கு ஏறியது. இந்தியாவிலும் 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களின் அடிப்படை இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்ந்தது. விஞ்ஞானிகள் எதிர்ப்புக் குரல் எழுப்பியதும் சில நாட்களில், சொந்த உபயோகத்துக்கு வாங்குவோருக்குப் பழைய வரியே திரும்பியது. மூன்றாண்டுக்கு முன் எழுதிய பட்ஜெட்டில் இவற்றுக்கு இடமிருக்காது.

பணம் இறுகும்போது ஆய்வகம் முதலில் கைவைப்பது இந்தச் சில்லறைச் செலவில்தான். மட்டமான கரைப்பானை வாங்குவார்கள், வடிகட்டும் தாளை மிச்சம் பிடிப்பார்கள், மாலையில் பம்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் போவார்கள். அப்படி விட்டுப்போன உப்புக் கரைசல் இரவில் காய்ந்து படிகமாகி, காலையில் பம்பு ஓடும்போது உள்ளிருக்கும் சீலை உராய்ந்து தேய்க்கும். திரையில் அழுத்தக் கோடு மேலும் கீழும் ஆடத் தொடங்கும். பம்பு முகப்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். இந்த இரண்டையும் கண்டால் சீல் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். அழுத்தம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் எங்கோ அடைப்பு. கோடு நடுங்கி, நேராக நிற்காவிட்டால் விளக்கு மங்கியிருக்கலாம். சுமார் இரண்டாயிரம் மணி நேரம்தான் அதன் ஆயுள்.

இங்கேதான் ஒப்பந்தப் பத்திரத்தை வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஏ.எம்.சி. என்றால் பொதுவாக ஆள் வந்து பார்ப்பதற்கு மட்டும். பாகத்துக்குத் தனிப் பணம். சி.எம்.சி.யில் பாகமும் சேரும். ஆனால் விளக்கும் சீலும் தேயும் பொருள் என்று அதிலும் பல சமயம் விலக்கப்பட்டிருக்கும். கருவி விலையில் ஆண்டுக்கு 8 சதவீதம் என்று கொண்டால், நம் ஆய்வகம் கட்ட வேண்டிய தொகை இரண்டு லட்சம். கருவி வாங்கும்போதே நான்காம், ஐந்தாம் ஆண்டுக்கான சி.எம்.சி. விலையையும் டெண்டரில் கேட்டு நிலைநிறுத்திக்கொள்வது நல்லது. வாங்கிய பிறகு பேரம் பேச முடியாது; அந்தப் பாகம் பல சமயம் வேறு யாரிடமும் கிடைக்காது.

மூன்றாவது பில்லும் தாமதமாகத்தான் வரும். கடைசி ஆண்டில் எழுதிய கட்டுரை, நிபுணர் ஆய்வைத் தாண்டி ஏற்கப்படும்போது திட்டக் கணக்கு மூடியிருக்கும். யாரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்த அணுக்கத்தில் வெளியிட, பல இதழ்கள் ஆய்வாளரிடமே கட்டணம் கேட்கின்றன. 'நேச்சர்' இதழ் 2021 ஜனவரியில் இதற்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். நடுத்தர இதழ் ஒன்று 2,500 டாலர் கேட்டாலும் அது நம் சி.எம்.சி. தொகையைத் தாண்டிவிடும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயில் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்க வழி செய்கிறது. அந்தச் சந்தா முக்கியமாகப் படிப்பதற்கானது. வெளியிடும் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று எண்ணி ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டால், பில் வீடு தேடி வரும்.

கட்டணமில்லாத வழிகளும் உண்டு. சந்தா இதழில் செலவின்றி வெளியிட்டு, ஏற்கப்பட்ட கைப்பிரதியை நிறுவனக் களஞ்சியத்தில், இதழ் சொல்லும் காலத்துக்குப் பின் திறந்துவைக்கலாம். இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்கள் ஆய்வாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

கருவிக்கு வழி, கதவைத் திறப்பது. சென்னை ஐ.ஐ.டி.யின் நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையம் போன்றவை வெளியாரின் மாதிரிகளைக் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகின்றன. நம் ஆய்வகமும் அக்கம்பக்கத்துக் கல்லூரிகளின் மாதிரிகளை, ஒன்றுக்கு 500 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 400 எடுத்தால், இரண்டு லட்சம் சேரும். கரைப்பான் செலவு போக மிஞ்சுவது சி.எம்.சி.யில் பெரும்பகுதியைத் தாங்கும். அந்தப் பணம் பல்கலைக்கழகப் பொதுக்கணக்கில் கரையாமல், கருவியின் பெயரில் தனிக்கணக்காக, மார்ச் 31 தாண்டியும் நிற்க வேண்டும். அதற்கு நிதி அலுவலரின் ஒப்புதலைத் திட்டத்தின் முதல் ஆண்டிலேயே எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.