ஒரு யூபிஎஸ், இரண்டு வாரண்டி தேதிகள்

யூபிஎஸ் விற்கும் ஒரு டீலரிடம் சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாரண்டி முடியப் போகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவதும் அதில் சேரும். ஆறு வரிக் கடிதம்தான். "தங்கள் வாரண்டி இன்ன தேதியோடு முடிகிறது, ஏஎம்சி விவரம் இணைப்பில்" என்று தேதியை மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். 2024 மே மாதம் அப்படி அனுப்பிய ஒன்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகு கடிதம் எழுதுகிற முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

லேபில் இருந்தது 10 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ். அதனோடு 12 வோல்ட், 42 ஏஹெச் பேட்டரிகள் இருபது. எங்கள் கடிதத்தில் வாரண்டி ஜூன் 1 அன்று முடிகிறது என்று இருந்தது. மறுநாளே டாக்டர் கூப்பிட்டார். "தம்பி, கடிதம் கிடைச்சுது. நல்லவேளை இன்னும் மூணு வாரம் இருக்கு. கரண்ட் போனா இருபது நிமிஷம்கூட நிக்கல. பேட்டரிய மாத்திக் குடுத்துடுங்க." புதிதில் அதே லோடுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கிய செட் அது.

பில்லை எடுத்துப் பார்த்தேன். பில் போட்டது 2022 மார்ச் 14. அப்போது லேப் கட்டடத்தில் வயரிங் முடியவில்லை. யூபிஎஸ்ஸை நிறுவி ஓடவிட்டது ஜூன் 2. யூபிஎஸ்ஸுக்கு நிறுவிய நாளிலிருந்து இரண்டு வருடம். பேட்டரி வேறு கம்பெனியின் தயாரிப்பு, அதற்கும் இரண்டு வருடம்தான், ஆனால் பில் தேதியிலிருந்து. அதாவது பேட்டரி வாரண்டி மார்ச் 13 அன்றே முடிந்துவிட்டது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று நாங்கள் கடிதம் எழுதியபோது, அவருக்கு உண்மையில் தேவைப்பட்ட வாரண்டி போய் ஏழு எட்டு வாரம் ஆகியிருந்தது.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப மார்ச்சுக்கு முன்னாடி ஏன் சொல்லல?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் பதிவேட்டில் ஒரு யூபிஎஸ்ஸுக்கு ஒரே ஒரு தேதிக் கட்டம்தான் இருந்தது. புது செட்டை லாபம் வைக்காமல் கொள்முதல் விலைக்கே கொடுத்தோம். ஆனாலும் டாக்டர் ஏஎம்சி எடுக்கவில்லை. பேட்டரி விற்பதற்காகவே நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்று அவர் நினைத்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

இந்தத் தொழிலில் அந்தச் சபலம் இருக்கத்தான் செய்கிறது. வாரண்டிக்குள் பழுது கண்டால் கம்பெனி இலவசமாக மாற்றும், டீலருக்கு அலைச்சல் மட்டும் மிச்சம். அதே பழுதை ஒரு மாதம் கழித்துக் கண்டால் அது வியாபாரம். அதனால் கடிதம் எப்போது போகிறது என்பதே வாடிக்கையாளருக்கு ஒரு சேதி சொல்லிவிடும். கடைசி வாரத்தில் வரும் கடிதம் விற்பனைக் கடிதம். இரண்டு மாதம் முன்னால், சோதனை முடிவோடு வரும் கடிதம் வேறு மாதிரி படிக்கப்படும்.

இப்போது செய்கிற முறை இது. பில் தேதி, நிறுவிய தேதி இரண்டையும் பதிவேட்டில் எழுதுகிறோம். எந்த வாரண்டி முதலில் முடிகிறதோ அதிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, அந்த வாரத்தில் ஆள் அனுப்புகிறோம். கடிதம் அதற்குப் பிறகுதான். பேட்டரி கம்பெனியின் ஆள் வந்து பார்த்து, க்ளெய்மை ஒப்புக்கொண்டு, மாற்று பேட்டரி வந்து சேரச் சில வாரம் ஆகும். அறுபது நாள் அதற்காகத்தான்.

சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுகிற இடம் இதுதான். கரண்ட் இருக்கும்போது மீட்டர் வைத்தால் ஒவ்வொரு பேட்டரியும் 13.5, 13.6 வோல்ட் என்று அழகாகக் காட்டும். அது சார்ஜர் கொடுக்கிற வோல்ட்டேஜ், பேட்டரியின் பலம் அல்ல. மெயினை அணைத்து, வழக்கமான லோடை பேட்டரியில் ஓடவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். எல்லாம் ஒரே வரிசையில் கோத்திருப்பவை. ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட் போல இறங்கியிருந்தால் அவைதான் நோயாளி. அந்த ஒன்றிரண்டு சீக்கிரம் சரிந்து மொத்த வோல்ட்டேஜையும் கீழே இழுக்கும், யூபிஎஸ் தன் வரம்பு வந்ததும் நின்றுவிடும். மீதி பேட்டரிகளில் சார்ஜ் இருந்தும் பயனில்லை.

முறையை மாற்றிய பிறகு வந்த ஒரு ஜவுளிக்கடையைச் சொல்கிறேன். பில்லிங் கவுண்டர்களுக்கு 6 கேவிஏ யூபிஎஸ், 26 ஏஹெச் பேட்டரி பதினாறு. பேட்டரி வாரண்டி முடிவது 2025 ஜனவரி 19, யூபிஎஸ்ஸுக்கு ஜனவரி 26. தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து, பொங்கல் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் நவம்பர் 20 அன்று காலை கடை திறக்குமுன் போனோம். முதலாளி, "நல்லாத்தானே ஓடுது, எதுக்குண்ணே அணைக்கிறீங்க?" என்றார். இருபது நிமிடம் ஓடவிட்டோம். பதினான்கு பேட்டரி 12.1க்கும் 12.3க்கும் நடுவில் நின்றன. ஏழாவது 11.0, பன்னிரண்டாவது 11.2. அளவுகளை ஒரு தாளில் எழுதி, அவர் முன்னாலேயே போட்டோ எடுத்து, அன்றைக்கே கம்பெனிக்குப் புகார் எண் வாங்கினோம். டிசம்பர் நடுவில் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

கம்பெனிக்குப் புகார் போன கையோடு கடிதத்தையும் கொடுத்தோம். அது இப்படி இருந்தது:

"ஐயா, தங்கள் யூபிஎஸ்ஸை 20.11.2024 அன்று சோதித்தோம். 7, 12ஆம் எண் பேட்டரிகள் பலவீனமாக உள்ளன. இவை வாரண்டியில் மாற்றப்பட வேண்டியவை, தாங்கள் எதுவும் செலுத்த வேண்டாம். பேட்டரி வாரண்டி 19.1.2025 அன்றும், யூபிஎஸ் வாரண்டி 26.1.2025 அன்றும் முடிகின்றன. அதற்குப் பிறகு தங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, திட்டம் எதுவும் எடுக்காமல், பழுது வரும்போது கூப்பிடலாம். ஒரு முறை வர ரூ. 900, பாகத்தின் விலை தனி. இரண்டு, லேபர் ஏஎம்சி, வருடம் ரூ. 3,000, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை, பழுதுக்கு வருவது இலவசம், பாகத்தின் விலை தனி. மூன்று, பாகங்களும் சேர்ந்த ஏஎம்சி, வருடம் ரூ. 6,500, கார்டுகளும் ஃபேன்களும் இதில் அடங்கும். இவற்றுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. எந்தத் திட்டத்திலும் பேட்டரி அடங்காது. இடி மின்னலாலோ தண்ணீர் புகுந்தோ வரும் சேதமும் அடங்காது. யூபிஎஸ் மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டமில்லாத இடத்தில் உள்ளது. சோதனை அன்று அங்கே வெப்பம் 36 டிகிரி. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் பேட்டரி கூடுதல் நாள் உழைக்கும்."

திட்டமே வேண்டாம் என்பதை முதல் வழியாக எழுதியதற்கு எங்கள் முதலாளி முகம் சுளித்தார். ஆனால் எழுதாவிட்டாலும் அந்த வழி வாடிக்கையாளர் மனதில் இருக்கத்தான் போகிறது. விலையோடு எழுதினால் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். "எந்தத் திட்டத்திலும் பேட்டரி அடங்காது" என்ற வரியைக் கடிதத்திலேயே போட்டதற்கும் காரணம் உண்டு. பாகங்களும் சேர்ந்தது என்றால் எல்லாம் சேர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பழுது வந்த அன்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைக் காட்டினால் சண்டைதான்.

ஃபேன் விஷயம் அலங்காரத்துக்கு இல்லை. இந்த மாதிரி பேட்டரியின் ஆயுளை 25 டிகிரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. 36 டிகிரி அறையில் இருக்கும் பேட்டரிக்கு எந்த ஏஎம்சியும் மருந்தாகாது.

முதலாளி கடிதத்தோடு கடைக்கே வந்தார். "கம்பெனிக்காரங்க எக்ஸ்டெண்டட் வாரண்டி தர்றதா போன் பண்ணாங்களே, அது நல்லதா, உங்க ஏஎம்சி நல்லதா?" நியாயமான கேள்வி. கம்பெனியின் நீட்டிப்பில் பழுதான கார்டுக்குப் பொறுப்பு கம்பெனிக்கு. அதைப் பழைய வாரண்டி உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். விட்டுவிட்டுப் பிறகு கேட்டால் ஆய்வு, அதற்குக் கட்டணம் என்று இழுக்கும். எங்கள் ஏஎம்சியில் பொறுப்பு எங்களுடையது. கார்டு எங்கள் அலமாரியில் இருந்தால் அன்றைக்கே வேலை முடியும், இல்லாவிட்டால் நாங்களும் கம்பெனியிடம்தான் கேட்டு நிற்போம். அவருடைய மாடலுக்கு மெயின் கார்டு எங்களிடம் அப்போது ஒன்றுகூட இல்லை. அதைச் சொன்னேன்.

அவர் கணக்குப் போட்டார். யூபிஎஸ் பழுதானாலும் மேனுவல் பைபாஸில் கடை ஓடும், கரண்ட் போனால் மட்டும்தான் சிக்கல். வாசலில் ஜெனரேட்டர் வேறு இருக்கிறது. அவருக்கு நான் லேபர் ஏஎம்சியைத்தான் சொல்லியிருப்பேன், அவரும் அதையே எடுத்தார். வரியோடு 3,540 ரூபாய். அந்த லேபுக்கு இதே கேள்வி வந்திருந்தால் பாகங்களும் சேர்ந்ததைச் சொல்லியிருப்பேன். பரிசோதனை மெஷின் பாதியில் நின்றால் அந்த ரன் மொத்தமும் வீண், ரீஏஜென்ட்டும் வீண். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிற நேரம்கூட அங்கே தாங்காது.

கடிதம் போட்டு ஒரு வாரத்தில் நானே போன் செய்கிறேன். "எடுக்கிறீங்களா?" என்று ஆரம்பிப்பதில்லை. "ரெண்டு தேதியையும் பார்த்தீங்களா?" என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். கடிதம் கணக்குப்பிள்ளையின் ஃபைலுக்குள் போயிருக்கும். அதனால் இப்போது நிறுவுகிற அன்றே இரண்டு தேதிகளையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி யூபிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டிவிடுகிறோம். புது பேட்டரிக்குப் பிறகு டாக்டரின் லேபிலும் போய் ஒன்று ஒட்டிவிட்டு வந்தேன். அவர் படித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.