‘பார்க்கலாம்’ என்றால் என்ன எழுதுவது?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவருக்குக் கணக்கு மென்பொருள் விற்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவையாகப் போனில் 40 நிமிடம் பேசியாயிற்று. நீங்கள் அதிகம் பேசாமல், அவருக்கு என்ன தொல்லை என்றுதான் கேட்டீர்கள். துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பும்போது எடை குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பது மாதக் கடைசியில்தான் தெரிகிறது என்றார். முடிக்கும்போது, “தம்பியையும் கேட்டுட்டுப் பார்க்கலாம்ங்க” என்றார்.

அன்று மாலைக்குள் போக வேண்டிய மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

“பொருள்: சாயப்பட்டறை எடைக் கணக்கு – வியாழன் சந்திப்பு

ஐயா, வணக்கம். இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது: அனுப்பிய துணிக்கும் திரும்பி வந்த துணிக்கும் உள்ள எடை வித்தியாசம், லாட் வந்த அன்றே உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் கணக்காளர் செவ்வாய்க்குள் போன மாத டெலிவரி சலான் 10 அனுப்புவார். அவற்றை ஏற்றி, வியாழன் காலை 11 மணிக்கு உங்கள் ஆபீசில் காட்டுகிறேன். வாங்குவது பற்றி முடிவு எதுவும் இல்லை. தம்பியிடம் கலந்து பேசிச் சொல்வதாகச் சொன்னீர்கள். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்.”

போன் திரையில் ஒரே பார்வையில் படித்துவிடலாம். இதைத் தம்பிக்கு அனுப்பினால், பேச்சில் இல்லாத அவருக்கும் விஷயம் விளங்கும். மென்பொருளின் பெருமை ஒரு வரிகூட இல்லை. விற்பவர்களுக்குக் கை அரிக்கும் இடம் அதுதான்; அடக்கிக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்தப் ‘பார்க்கலாம்’. நம் ஊரில் அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. சில சமயம் மரியாதையான மறுப்பு. அதை ‘ஒப்புக்கொண்டீர்கள்’ என்று எழுதினால், சொல்லாததை எழுதிவிட்டான் என்று மனதில் ஒரு முள் விழும். ஆகவே ஒத்துக்கொண்டதையும் ஒத்துக்கொள்ளாததையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒத்துக்கொண்டதற்கு ஆளும் நாளும் வேண்டும். ‘விரைவில் சலான் அனுப்பப்படும்’ என்று எழுதினால், அனுப்ப வேண்டியவர் யார் என்பதே கேள்வியாகிவிடும்.

பதிலே வராவிட்டால் உடனே கலங்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை சலான் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், கணக்காளரிடம் சொல்ல மறந்திருக்கலாம், அல்லது முதலாளிக்கு ஆர்வம் அவ்வளவுதான் இருக்கலாம். ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

வரும் பதிலில் ‘ஓகே’யைவிடத் திருத்தம்தான் மேல். “எடைகூடப் பரவாயில்லைங்க, லாட்டுக்கு லாட் கலர் மாறுது, அதுதான் பெரிய தலைவலி” என்று அவர் எழுதலாம். எடைக் கணக்கு போடும் மென்பொருள் அதைத் தீர்க்காது. வியாழக்கிழமை பஸ் ஏறுவதற்கு முன்பே அது தெரிந்துவிட்டது.