'சாப்டாச்சா?' போய்த் திரும்பும்போது

பாணேரில் மதியம் இரண்டரை மணிக்கு யாரும் யாரையும் கேட்கக்கூடிய கேள்வி, மராத்தியில் "ஜேவண் ஜால கா?". தமிழில் "சாப்டாச்சா?". புனேயின் மேற்கு ஓரத்தில், பாஷாணுக்கும் பாலேவாடிக்கும் இடையே கிராமமாக இருந்த இந்தப் பகுதி, ஹிஞ்சவாடியில் கணினி நிறுவனங்கள் பெருகிய பிறகு பல மாநிலத்தார் வாழும் இடமாகிவிட்டது. அடுக்ககத்தின் காவலரும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் பெரும்பாலும் மராத்தி பேசுகிறார்கள். மேல்மாடியில் தமிழ்க் குடும்பம் இருக்கலாம். இருவருக்கும் நடுவில் அரைகுறை இந்தியும் கைபேசியும். ஒரு சொற்றொடரைக் கைபேசியில் மொழிபெயர்த்து, வந்த வரியை மறுபடி தமிழுக்கே திருப்பி, "சரியாகத்தான் இருக்கிறது" என்று உறுதி செய்துகொண்டு அனுப்புகிறவர்கள் இங்கே நிறைய. இந்தத் திருப்பிப் பார்க்கும் வேலைக்கு மீள்மொழிபெயர்ப்பு என்று பெயர். திரும்பி வந்த வரி மூலத்தோடு ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு சரி, ஒத்துப்போகாவிட்டால் தவறு என்பது இதைச் செய்யும் எல்லோருடைய எண்ணம். பேச்சுவழக்குச் சொற்றொடர்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பெரும்பாலும் தலைகீழானது.

"சாப்டாச்சா?"வை ஆங்கிலத்துக்கு அனுப்பினால் "ஹேவ் யூ ஈட்டன்?" என்று ஆகும். குறை சொல்ல முடியாத மொழிபெயர்ப்பு. அதைத் தமிழுக்குத் திருப்பச் சொன்னால் "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று வரும். சோறு அதேதான், தட்டுதான் மாறியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் மூலத்தில் இல்லாத ஓர் ஆள் உள்ளே நுழைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். "சாப்டாச்சா?"வில் 'நீ'யும் இல்லை, 'நீங்க'ளும் இல்லை. முடிந்தது சாப்பாடு, வினை நிற்பது அஃறிணையில். அதனால்தான் அதை மேலதிகாரியிடமும் கேட்கலாம், தம்பியிடமும் கேட்கலாம், மரியாதை எவ்வளவு என்று முடிவு செய்யாத புது ஆளிடமும் கேட்கலாம். ஆங்கிலம் ஒரு 'யூ'வைப் போட்டாக வேண்டிய மொழி, போட்டுவிட்டது. திருப்புகிறவர் அந்த 'யூ'வுக்கு நீயா நீங்களா என்று தீர்மானித்தாக வேண்டியவர், தீர்மானித்துவிட்டார். மூலத்தில் பேசியவர் எந்த முடிவை எடுக்காமல் தப்பித்தாரோ, அதே முடிவை அவருக்குப் பதிலாக இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள்.

அந்த ஆங்கில வரியிலிருந்து மராத்திக்குப் போனால் விஷயம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். கேட்கப்படுபவர் நெருங்கிய ஆண் என்றால் "ஜேவ்லாஸ் கா?", பெண் என்றால் "ஜேவ்லீஸ் கா?", மரியாதைக்குரியவர் என்றால் "ஜேவ்லாத் கா?". மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மராத்திக்காரர் இயல்பாகக் கேட்கும் "ஜேவண் ஜால கா?"விலோ இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. 'ஜேவண்' என்றால் சாப்பாடு, 'ஜால' என்றால் ஆயிற்று. வினை ஆளைப் பார்க்காமல் சாப்பாட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அதாவது தமிழும் மராத்தியும் தனித்தனியே ஒரே உபாயத்தைக் கையாள்கின்றன. இரண்டையும் நேராக மாற்றினால் ஒன்றும் குறையாது. நடுவில் ஆங்கிலத்தை உட்காரவைத்தால் பாலினமும் மரியாதையும் கணக்கில் வந்து சேர்ந்துவிடுகின்றன. திரும்பி வந்த வரியில் தெரியும் வித்தியாசம் யாருடைய பிழையையும் காட்டவில்லை. தமிழ்ச் சொற்றொடர் எதை மறைத்து வைத்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

வித்தியாசம் வந்தால் பிழை இல்லை என்பது பாதிதான். வித்தியாசமே வராதபோது பிழை இருக்கலாம் என்பது மறுபாதி, அதுதான் ஆபத்தானது. விடைபெறும்போது தமிழர் "சரி, வரேன்" என்கிறார். "போறேன்" என்பது கோபத்தில் வருகிற சொல், அல்லது அபசகுனம். இந்த "வரேன்" ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் "ஐ ஆம் கமிங்" ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். திருப்பினால் "நான் வருகிறேன்". மூலத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது, சோதனையில் தேர்ச்சி. ஆனால் நடுவில் அந்த ஆங்கில வரியை வாசித்தவர் யாரோ வரப்போகிறார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல மொழிபெயர்ப்பாளர் "ஐ வில் கெட் கோயிங்" என்பது போல எழுதியிருந்தால் அது "நான் கிளம்புகிறேன்" என்று திரும்பும். சோதனையில் அது தோல்வி. சொல்லுக்குச் சொல் போனவர் தேறுகிறார், பொருளைக் கொண்டுபோனவர் தேறவில்லை. மராத்தியில் இதே இடத்தில் ஆண் "யேத்தோ" என்பார், பெண் "யேத்தே" என்பார். இரண்டுக்கும் வருகிறேன் என்றே பொருள். புனேக்காரரிடம் "வரேன்" சொல்லுக்குச் சொல் போனாலும் வாழும், லண்டன்காரரிடம் வாழாது. மீள்மொழிபெயர்ப்பு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. தமிழுக்குத் திரும்பிய வரி இரண்டிலும் ஒன்றுதான்.

இந்தக் குறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. பண்பாடு கடந்த ஆய்வுகளில் மீள்மொழிபெயர்ப்பை ஒரு முறையாக நிறுவிய உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின், 1970-இல் வெளியான தம் கட்டுரையிலேயே எச்சரித்திருக்கிறார். போகிறவரும் திரும்புகிறவரும் ஒரே பாடப்புத்தக வழக்கத்தில் ஊறியவர்களாக இருந்தால், நடுவில் உள்ள வரி யாருக்கும் புரியாததாக இருந்தும் இருவரும் ஒத்துப்போவார்கள். திரும்புகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் மோசமான வரியிலிருந்தும் மூலத்தை ஊகித்துச் செப்பம் செய்துவிடுவார். முதலாமவர் மூலமொழியின் இலக்கணத்தை அப்படியே சுமந்துபோயிருந்தால், திரும்பும் வேலை சுலபமாகிவிடும், கேட்பவருக்குத்தான் கஷ்டம். ஆகவேதான் இம்முறையை ஒழுங்காகச் செய்பவர்கள், திரும்புகிற ஆளுக்கு மூலத்தைக் காட்டுவதில்லை. முதலாமவரும் அவரும் பேசிக்கொள்ளவும் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க உருவாக்கிய வினாநிரலின் தொடக்க மையங்களில் சென்னையும் ஒன்று. அந்நிறுவனம் தன் கருவிகளை மொழிபெயர்க்கச் சொல்லும் வரிசையில் மீள்மொழிபெயர்ப்பு ஒரு படி மட்டுமே. அதற்கு முன் ஒரு குழு மொழிபெயர்ப்பைக் கூடிப் பார்க்கிறது, அதற்குப் பின் சாதாரண மக்களிடம் கேள்வியைக் கேட்டு, "இதை என்னவென்று புரிந்துகொண்டீர்கள்?" என்று விசாரிக்கிறார்கள். மனச்சோர்வைக் குறிக்க ஆங்கிலத்தில் பேச்சுவழக்காகச் சொல்லும் 'நீலமாக இருப்பது' போன்ற தொடர்களை எண்ணினால் இந்தக் கடைசிப் படி ஏன் என்று விளங்கும். "நீலமாக உணர்கிறீர்களா?" என்று தமிழில் எழுதினால் அது பிசகாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பும். நோயாளிதான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

கைபேசியில் இதைச் செய்பவர்களின் நிலை பிரிஸ்லின் சொன்னதைவிட ஒரு படி மோசம். கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-இல் தமிழ் சேர்ந்தது. அதன் பிறகு தரம் கூடியதை மறுக்க முடியாது. ஆனால் போகும் பயணத்தையும் திரும்பும் பயணத்தையும் ஒரே கருவி செய்யும்போது, அங்கே இரண்டு சாட்சிகள் இல்லை, ஒரே சாட்சியை இரண்டு முறை விசாரிக்கிறோம். அது எந்தத் தப்பான இணையைப் பிடித்துக்கொண்டு போனதோ, அதே இணையைப் பிடித்துக்கொண்டு திரும்பலாம். ஒரு பக்கம் கருவி, மறுபக்கம் மராத்தி தெரிந்த மனிதர் என்றாவது இருந்தால்தான் சோதனை என்ற பெயருக்குப் பொருள் உண்டு.

வீட்டு வேலைக்கு வருபவருக்கு அனுப்பும் ஒரு வரியில் இதன் முழு வேலையையும் பார்க்கலாம். "நாளைக்கு வர வேண்டாம்." வெளியூர் போகும் குடும்பம் நல்லெண்ணத்தில் எழுதும் வரி. "உத்யா யேஊ நகோஸ்" என்று மராத்திக்குப் போனால் "நாளைக்கு வராதே" என்று திரும்புகிறது. "உத்யா யேஊ நகா" என்றால் "நாளைக்கு வராதீர்கள்". "உத்யா யாயச்சீ கரஜ் நாஹீ" என்றால் "நாளைக்கு வரத் தேவையில்லை". மூலம் ஒன்று, திரும்பியவை மூன்று. முதல் இரண்டுக்கும் இடையே மரியாதை வித்தியாசம். அவர் 'மாவ்ஷி' என்று அழைக்கப்படும் வயதானவர் என்றால் முதல் வரி அவமதிப்பு. மூன்றாவதோ வேறு விஷயத்தைச் சொல்கிறது, வேலையிலிருந்து ஒரு நாள் விடுவிக்கிறது. தமிழின் 'வேண்டாம்' தடையையும் சலுகையையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது என்பதைத் தமிழரான எழுதியவரே இந்த மூன்றையும் பார்க்கும்வரை உணர்ந்திருக்க மாட்டார். இப்போது அவர் செய்ய வேண்டியது மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்கு முன் தமிழைத் திருத்துவது: "நாளைக்கு நாங்க ஊர்ல இல்ல, நீங்க லீவு எடுத்துக்கலாம்." இப்படி எழுதியதை எந்த வழியில் அனுப்பினாலும் கெடுவது கடினம். சம்பளம் பிடிக்கப்படுமா என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது, மாவ்ஷி முதலில் யோசிக்கப்போவது அதைத்தான்.

இவ்வளவு தூரம் எதற்கு, நேரில் பேசும்போது முகமும் குரலும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாதா என்று கேட்கலாம். சரிசெய்யும்தான். அரைகுறை இந்தியில் வண்டி ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான். ஆனால் எழுதி அனுப்பிய செய்தியில் முகம் கிடையாது. தவிர, பேச்சுவழக்கு வரிகளில்தான் உறவு இருக்கிறது. மின்கட்டணத் தேதியை எந்த மொழியில் எழுதினாலும் தேதி தேதிதான்.

இன்னோர் ஆட்சேபம் வலுவானது: பொருத்தமும் நம்பத் தகாதது, வேறுபாடும் பிழையில்லை என்றால் இந்த முறையால் என்ன பயன்? தீர்ப்பு சொல்ல அதற்குத் தகுதி இல்லை, எங்கே கேட்க வேண்டும் என்று விரல் நீட்ட மட்டும் தகுதி உண்டு என்பதே பதில். "நாம சாப்பிடப் போறோம்" என்ற வரி ஆங்கிலம் வழியாகப் போய் "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்று திரும்பினால், அழைப்பு அறிவிப்பாக மாறிவிட்டது என்று உடனே தெரியும். ஆங்கில 'வீ'க்குள் கேட்பவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது, இந்தி 'ஹம்'முக்குள்ளும் தெரியாது. மராத்தியிலோ 'ஆப்பண்' என்றால் நாம், 'ஆம்ஹி' என்றால் நாங்கள்; தமிழைப் போலவே இரண்டும் தனித்தனி. விரல் காட்டிய இடத்தில் ஒரு மராத்திக்காரரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "இதைக் கேட்டால் நீங்கள் எழுந்து கூட வருவீர்களா, அங்கேயே உட்கார்ந்திருப்பீர்களா?" என்ன அர்த்தம் என்று கேட்பதைவிட, கேட்டதும் என்ன செய்வீர்கள் என்று கேட்பது நல்லது. அர்த்தம் சொல்லச் சொன்னால் மரியாதைக்காகவாவது எல்லோரும் நல்ல அர்த்தமே சொல்வார்கள்.

பாணேரில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. கீழே காவலர் இருக்கிறார். ஆங்கிலத்தைத் தவிர்த்து அவரிடமே நேராகத் தொடங்கலாம். "ஜேவண் ஜால கா?" என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் "ஜால". தமிழில் அதே கேள்விக்கு நாம் சொல்லும் பதில் "ஆச்சு".