தூண் அருகே எடுத்த குறிப்பு

கட்டடப் பணியிடத்தில் பொறியாளர் பேசப் பேச, சிவில் மாணவர்கள் நோட்டில் வேகமாக எழுதிக்கொள்கிறார்கள். "தூணுக்குக் கவர் 40 மி.மீ." என்று ஒரு வரி. அவர் சொன்னதா, மாணவர் அளந்ததா? மறுநாள் பார்த்தால் புரியாது. அதனால் அறிக்கைப் படிவத்துக்கு முதல் வேலை, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ‘கேட்டது’, ‘பார்த்தது’, ‘அளந்தது’ என்று குறிப்பது.

கவனிப்புப் பகுதியில் கண்ணும் டேப்பும் சொன்னவை மட்டும் வர வேண்டும்: "பி-3 தூண், பிரதானக் கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி 25 மி.மீ., கவர் பிளாக் நழுவியிருக்கிறது." ‘வேலை மோசம்’ என்ற தீர்ப்பு இங்கே கூடாது.

படம் இரண்டு தேவை. எந்தத் தூண் என்று காட்டத் தூரத்திலிருந்து ஒன்று. டேப்பை வைத்துக் கிட்டத்தில் ஒன்று. டேப் இல்லாத படத்தில் 25-ம் 40-ம் ஒன்றுபோலவே தெரியும்.

கேட்டது பகுப்பாய்வில்தான் வரும். ஐ.எஸ். 456 விதியும் தூணுக்கு 40 மி.மீ. கேட்கிறது. கவர் குறைந்தால் ஈரம் சீக்கிரம் கம்பியை எட்டும். துரு பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். ஆனால் தூணின் சிறிய பக்கம் 200 மி.மீ.க்குள், கம்பி 12 மி.மீ.க்குள் இருந்தால் 25 போதும் என்று அதே விதி விலக்கு தருகிறது. எனவே தூணின் அளவு, கம்பியின் விட்டம் ஆகிய இரண்டு கட்டங்களும் கவனிப்புப் பகுதியில் இருந்தே ஆக வேண்டும். அவை காலியாக இருந்தால், 25 மி.மீ. பிழையா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.